வேறொருவர் கேள்விக்கான பதில்

2015 கிறிஸ்துமஸ் அன்று, ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் தங்கள் கணக்கைத் திறந்த சிலருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குப் பக்கம் வந்து நின்றது. சில பக்கங்களில் அந்த மனிதரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. வேறு சிலவற்றில் வீட்டு முகவரியோ, வாங்கிய விளையாட்டுகளின் பட்டியலோ, கடன் அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களோ இருந்தன. இன்னும் சிலருக்குக் கடையின் முகப்பே வேறு மொழியில் வந்தது. கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் சில நாள் கழித்து விளக்கம் வெளியிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இப்படி நடந்ததாகவும், சுமார் 34,000 பேரின் விவரங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்றும் அதில் சொன்னது.

யாரும் பூட்டை உடைத்து உள்ளே நுழையவில்லை. அன்று கடையை முடக்குவதற்காக எங்கிருந்தோ போலிக் கோரிக்கைகள் வெள்ளமாக வந்தன. அதைச் சமாளிக்கப் பக்கங்களைக் கேஷில் வைத்துக் கொடுக்கும் விதிகளை அவசரமாக மாற்றினார்கள். மாற்றிய விதிகளில் ஒன்று, உள்நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களையும் பொதுப் பக்கங்களைப் போலவே சேமித்து, அடுத்து வந்தவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டது. பக்கம் யாருக்கு உரியது என்பதை அது பார்க்கவில்லை.

கேஷ் என்பது ஒருமுறை கணக்கிட்ட விடையைக் கையருகே வைத்துக்கொள்ளும் இடம். அதே கேள்வி மறுபடி வந்தால், மீண்டும் கணக்கிடாமல் அங்கிருந்தே விடை போகும். ஆனால் வந்தது அதே கேள்விதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு விடையோடும் ஓர் அடையாளம் ஒட்டப்படுகிறது. அதற்குக் கீ என்று பெயர். கீ ஒத்துப்போனால் கேள்வி ஒன்றே என்று கேஷ் நம்பிவிடும். விடையை மாற்றக்கூடிய ஏதாவது ஒன்று கீயில் விடுபட்டால், இரண்டு வெவ்வேறு கேள்விகள் அதன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்.

பெரிய நிறுவனம், பெரிய தாக்குதல் எல்லாம் இதற்குத் தேவையில்லை; ஐந்து வரி நிரலே போதும். பேருந்துக் கட்டணம் சொல்லும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எல்லா நாளும் ஒரே கட்டணம். புறப்படும் ஊர், சேரும் ஊர் இரண்டும் தெரிந்தால் போதும்; கீயும் அந்த இரண்டால் ஆனது. அப்போது அது முழுச் சரி. பிறகு பண்டிகைக் காலத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. நிரலாளர் `day` என்று மூன்றாவது உள்ளீட்டைச் சேர்த்தார், கணக்கிடும் வரியையும் திருத்தினார். இரண்டாவது வரியைத் தொடவில்லை.

```python
def fare(src, dst, day):
    key = (src, dst)
    if key not in store:
        store[key] = compute(src, dst, day)
    return store[key]
```

சென்னையிலிருந்து மதுரைக்கு ஜனவரி 8-இல் 700 ரூபாய், பொங்கல் நெருக்கடியில் 13-இல் 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முதலில் வந்தவர் 8-ஆம் தேதிக்குக் கேட்கிறார். கேஷில் எதுவும் இல்லை. கணக்கிட்டு 700 என்று சொல்லி, சென்னை–மதுரை என்ற கீயில் அதைச் சேமிக்கிறது. அடுத்தவர் 13-ஆம் தேதிக்குக் கேட்கிறார். கீ அதேதான், 700 என்றே விடை வருகிறது. அன்று முதலில் வந்தவர் 13-ஆம் தேதிக்குக் கேட்டிருந்தால், 8-ஆம் தேதிப் பயணியிடம் 1,100 கேட்டிருக்கும். யார் முந்திக்கொண்டார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இந்தப் பிழையின் உறுதியான அடையாளம் அதுதான். வருகிற விடை தாறுமாறான எண்ணாக இருக்காது. இன்னொரு கேள்விக்கு முழுச் சரியான விடையாக இருக்கும். அதனாலேயே பார்ப்பவருக்குச் சந்தேகம் எழுவதில்லை.

சோதனையிலும் இது எளிதில் தப்பிவிடுகிறது. ஒவ்வொரு சோதனையும் காலியான கேஷோடு தொடங்கி, ஒரு தேதிக்குக் கேட்டு, விடையைச் சரிபார்த்து முடிந்துவிடும். முதல் கேள்விக்கு விடை எப்போதும் சரியாகத்தான் வரும். பயணி புகார் சொன்னதும் சேவையகத்தை நிறுத்தித் தொடங்கினால் நினைவகத்தில் இருந்த கேஷ் காலியாகிறது. பிழை மறைந்தது போலத் தெரிகிறது. கேஷின் ஆயுளை ஒரு மணியிலிருந்து ஒரு நிமிடமாகக் குறைப்பவர்களும் உண்டு. காலம் கடந்து பழசாகிப்போன விடைக்கு அது மருந்து. இங்கே விடை பழசாகவில்லை, பிறந்த நொடியிலேயே வேறொருவருக்கு உரியது. ஆயுளைக் குறைத்தால் ஏமாறுகிறவர்கள் குறைவார்கள், அவ்வளவுதான்.

பைத்தான் மொழியில் `lru_cache` என்ற வசதி 3.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. சார்புக்குக் கொடுக்கும் எல்லா உள்ளீடுகளையும் அதுவே கீயில் சேர்த்துவிடும். அப்படியிருந்தும் ஏன் கையால் கீ எழுதுகிறார்கள்? ஓர் உள்ளீடு பட்டியலாக இருந்தால் அது `TypeError: unhashable type: 'list'` என்று மறுத்துவிடும். பட்டியலின் உள்ளடக்கம் பின்னால் மாறலாம் என்பதால் அதைக் கீயாக ஏற்க முடியாது. வேலை நடக்க வேண்டுமே என்று அந்த உள்ளீட்டை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கீ கட்டுகிறார்கள். பிழை அங்கே நுழைகிறது. பட்டியலை மாறாத தொகுப்பாக, அதாவது `tuple` ஆக மாற்றிக் கொடுத்திருந்தால் போதும்.

`lru_cache` காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. கட்டணச் சார்பு, தள்ளுபடி விகிதத்தை உள்ளீடாக வாங்காமல் வெளியே இருக்கும் ஒரு மாறியிலிருந்து எடுத்துக்கொண்டால், கேஷுக்கு அது தெரியவே தெரியாது. விகிதம் 10 சதவீதத்திலிருந்து 5 ஆன பிறகும் பழைய கட்டணமே வரும். சார்பின் தலைப்பில் இல்லாவிட்டாலும் விடையை மாற்றுகிற எதுவும் உள்ளீடுதான். இணையப் பக்கங்களில் பயனர் யார், மொழி என்ன என்பவை இப்படிப்பட்டவை. ஸ்டீமில் சிக்கியவையும் இவையே.

கண்டுபிடிக்கும் சோதனை சிறியது. கேஷைக் காலி செய்யாமல் 8-ஆம் தேதிக்கும் 13-ஆம் தேதிக்கும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு காலி செய்து, வரிசையை மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு விடையையும் கேஷ் இல்லாமல் நேராகக் கணக்கிட்ட விடையோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றை அப்படியே வைத்து, ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டை மட்டும் மாற்ற வேண்டும். திருத்தம் ஒரே சொல்: `key = (src, dst, day)`.

எல்லாவற்றையும் கீயில் போட்டுவிடலாமா என்றால், அதற்கும் விலை உண்டு. கோரிக்கை வந்த நொடியைச் சேர்த்தால் எந்தக் கீயும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. கேஷ் வெறும் சுமையாகிவிடும். விடையை மாற்றாத உள்ளீட்டை விடுவது நியாயம்தான். ஆனால் இரண்டு தவறுகளும் சமமல்ல. கீயில் ஒன்று கூடினால் கணினி சற்று அதிகம் உழைக்கும். ஒன்று குறைந்தால் பொய் சொல்லும். எனவே விடையை மாற்றாது என்று காட்ட முடிந்ததை மட்டும் விடுங்கள். சந்தேகம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

நிரல் எழுதாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தேதிக்கோ ஊருக்கோ பொருந்தாத விடை ஒரு தளத்தில் வந்தால், நீங்கள் கேட்டது என்ன, வந்தது என்ன, அப்போது மணி என்ன என்று மூன்றையும் புகாரில் எழுதுங்கள். பொறியாளர் பார்க்கும்போது கேஷ் காலியாகி, அவருக்குச் சரியான விடையே வரக்கூடும். அந்த மூன்று விவரங்கள் இருந்தால்தான், உங்களுக்கு வந்தது யாருடைய கேள்விக்கான விடை என்று அவரால் தேட முடியும்.