ரெஸ்யூமேயில் தேட வேண்டிய தடயங்கள்

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு வரும் ரெஸ்யூமேயில் இரண்டு தடயங்களைத் தேட வேண்டும். மேற்பார்வை இல்லாமலே வேலையை முடித்திருக்கிறாரா என்பது ஒன்று. சக ஊழியர்களோடு எழுத்து வழியாகவே வேலை செய்திருக்கிறாரா என்பது மற்றொன்று.

எழுத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். சான்பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் சென்னையில் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. சென்னைக்காரர் மதியம் அனுப்பும் கேள்வி அரைகுறையாக இருந்தால், “எந்தக் கோப்பைச் சொல்கிறீர்கள்?” என்ற எதிர்க்கேள்விதான் மறுநாள் காலை காத்திருக்கும். ஒரு நாள் வீண். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

இந்தத் திறன்களை ரெஸ்யூமேயின் பெயரடைகளில் தேடிப் பயனில்லை. ‘சுயமாக இயங்குபவர்’, ‘சிறந்த தகவல் தொடர்புத் திறன்’ என்றெல்லாம் எல்லோருமே எழுதுகிறார்கள். தன்னை யாராவது விரட்டினால்தான் வேலை ஓடும் என்று எழுதிக்கொடுத்தவர் இதுவரை இல்லை. ஸ்லாக், ஜூம், ஜிரா தெரியும் என்ற வரியும் அப்படித்தான்; அவற்றை ஒரு வாரத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் ஆதரவு வேலைக்கு இரண்டு பேர் விண்ணப்பிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலாமவர், “2020 முதல் 2022 வரை வீட்டிலிருந்து பணி, மாத இலக்கைத் தவறாமல் எட்டினேன்” என்கிறார். இரண்டாமவர் வீட்டிலிருந்து வேலை பார்த்ததே இல்லை. அவருடைய வரி இது: “வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளைத் தொகுத்து 40 உதவிக் கட்டுரைகள் எழுதினேன்; புதிதாக வந்த 6 பேர் அவற்றைப் படித்தே வேலை பழகினர். இரவு ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்கு மீதி வேலையை ஒப்படைக்கும் குறிப்பை மாற்றி அமைத்தேன்.”

அனுபவம் என்ற கட்டத்தில் டிக் அடிப்பவர் முதலாமவரைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகள் கொரோனா காலம். அப்போது வீட்டிலிருந்து வேலை பார்த்தது பெரும்பாலும் நிறுவனங்களின் முடிவு. தினமும் காலையும் மாலையும் மேலாளர் வீடியோவில் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்திருந்தால், அலுவலகமே வீட்டுக்குள் வந்ததாகத்தான் அர்த்தம். இலக்கை வைத்ததும் வேறொருவர். இரண்டாமவரின் வரியிலோ ஒரு குறையைக் கண்டது, அதற்கு எழுத்தில் தீர்வு செய்தது, அந்த எழுத்து அவர் பக்கத்தில் இல்லாமலே ஆறு பேருக்குப் பயன்பட்டது என்று எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. ஷிப்டு ஒப்படைப்புக் குறிப்பும் தொலைவேலையின் அச்சுதான்: அடுத்தவர் போன் செய்து கேட்காமல் வேலையைத் தொடர வேண்டும். இரவுப் பணி பார்த்த செவிலியருக்கும் இது தெரியும். அவர் ரெஸ்யூமேயில் அதைக் குறிப்பிடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அதற்காக இரண்டாமவரின் வரியை அப்படியே நம்பிவிடவும் முடியாது. அந்த 40 கட்டுரைகளை எழுதச் சொன்னது யார் என்பது அதில் இல்லை. பட்டியல் போட்டுக் கொடுத்தது மேலாளர் என்றால், அது எழுத்துக்குச் சான்று, சுயமாக இயங்கியதற்குச் சான்று அல்ல. அதனால் ரெஸ்யூமேயின் ஓரத்தில் இரண்டுக்கும் தனித்தனியாகக் குறியிட்டு, சான்று இல்லாத இடத்தை நேர்காணலுக்கான கேள்வியாக எழுதிவைப்பது நல்லது. “முதல் கட்டுரை எழுதும் எண்ணம் எப்படி வந்தது? எது பயன்படவில்லை?” என்று கேட்டால் போதும். தானே செய்தவர் பயன்படாத கட்டுரையைப் பற்றித் தயங்காமல் பேசுவார்.

ஃப்ரீலான்சர்களின் ரெஸ்யூமே இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். ஐந்து ஆண்டு தனியாக உழைத்துக் கெடு தவறாமல் கொடுத்தவருக்குச் சுயநிர்வாகம் இருக்கிறது. ஒரே வாடிக்கையாளர் பலமுறை திரும்பி வந்திருந்தால் அது உறுதியாகிறது. குழுவாக எழுதி வேலை செய்தாரா என்பது மட்டும் அதிலிருந்து தெரியாது. மென்பொருள் துறையினர் கிட்ஹப் இணைப்பு கொடுத்திருந்தால் இதைச் சோதிப்பது எளிது. அங்கே பச்சைக் கட்டங்களை எண்ண வேண்டாம். அவருடைய நிரலில் யாரோ பிழை சுட்டிய இடத்துக்குப் போய், அவர் எழுதிய பதிலைப் படிக்க வேண்டும். காரணம் சொல்லி ஏற்றிருக்கிறாரா, காரணம் சொல்லி மறுத்திருக்கிறாரா, ‘டன்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டாரா என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். எல்லோருக்கும் இந்த வசதி கிடையாது. வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்தவர் தன் எழுத்தை வெளியே காட்ட முடியாது. இணைப்பு இல்லை என்பதை அவருக்கு எதிராகக் கொள்வது அநியாயம்.

ரெஸ்யூமேயே ஓர் எழுத்து மாதிரி என்பார்கள். ஓரளவுதான் உண்மை. தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதும், முக்கியமான வேலை மூன்றாம் பக்கத்தில் புதைந்திருப்பதும் கவனிக்கத்தக்கவை. ஆனால் ரெஸ்யூமேயைப் பணம் கொடுத்து எழுதி வாங்கலாம். வழவழப்பான ஆங்கிலத்தைக் கூட்டுவேலைத் திறனாக எண்ணிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சின்னச் சின்ன இலக்கணப் பிழைகளோடு, யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதுபவரோடுதான் தூரத்திலிருந்து வேலை செய்வது சுலபம்.

இந்த எல்லையைத் தாண்ட ரெஸ்யூமேயால் முடியாது. வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் இதனால்தான் விண்ணப்பதாரருக்குச் சம்பளம் கொடுத்துச் சிறிது காலம் சோதனை வேலை தந்து பார்க்கும் முறையை வைத்துக்கொண்டது. அந்தச் சோதனைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முடிவு செய்யும் அளவுக்கு மட்டும் ரெஸ்யூமே உதவும்.