தளை காட்டும் பிழையும் காட்டாத பிழையும்



அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து இதழ் நடத்தத் தொடங்கினார். அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்து வருகிறது. பிறர் ‘திருக்குறள்’ என்று சொன்னதை அவர் ‘திரிக்குறள்’ என்றார். திரிபிடகத்தோடு அதைச் சேர்த்துப் படித்தார். பட்லராக வேலைபார்த்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் குறள் சுவடியை எல்லீசிடம் கொடுத்தவர் என்றும் எழுதினார். குறள் மூலம் அச்சேறியது 1812-இல். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த ஒரு நூலில் எது பழைய பாடம், எது பின்னால் மாறியது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘யாப்பைப் பாருங்கள், தளை தட்டினால் பாடம் தவறு’ என்று புலவர்கள் சொல்வார்கள். அந்தச் சோதனையை நாமே செய்து பார்ப்போம். அதன் பலமும் எல்லையும் அப்போதுதான் தெரியும்.

சோதனைக்காக நாமே கட்டிய ஒரு குறள் வெண்பா இது:

மண்ணைப் பிளந்து விதைத்தாருக் கிந்நாளும்
மண்ணில் இடமில்லை யாம்.

முதல் வேலை அசை பிரிப்பது. ஒற்றுக்குத் தனிக்கணக்கு இல்லை. குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை. நெடில், ஒற்றடுத்த குறில், சீரின் கடைசியில் தனித்து நிற்கும் குறில் ஆகியவை நேர். அப்படிப் பிரித்தால் மண்/ணைப் தேமா, பிளந்/து புளிமா, விதைத்/தா/ருக் புளிமாங்காய், கிந்/நா/ளும் தேமாங்காய். இரண்டாம் அடியில் மண்/ணில் தேமா, இட/மில்/லை புளிமாங்காய், கடைசியில் யாம் என்ற ஓரசை. அது ‘நாள்’ வாய்பாடு. நாற்சீர் அடியும் முச்சீர் அடியும் சரியாக இருக்கின்றன.

அடுத்து தளை. ஒரு சீரின் முடிவையும் அடுத்த சீரின் முதல் அசையையும் பார்க்க வேண்டும். வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர் வர வேண்டும். வேறு தளை வரக்கூடாது. முதலடி முடிந்து இரண்டாம் அடி தொடங்கும் இடத்திலும் இதே விதிதான்: ‘கிந்நாளும்’ காய், ‘மண்’ நேர். நம் குறளில் தளை எங்கும் தட்டவில்லை.

இனி மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம். படிக்க எளிதாகட்டும் என்று பதிப்பாளர் ‘விதைத்தாருக்கு இந்நாளும்’ என்று பிரித்து அச்சிடுகிறார். விதைத்/தா/ருக்/கு என நாலசைச் சீர் வந்துவிடுகிறது. வெண்பாவில் அதற்கு இடமில்லை. இதைப் பார்த்துப் புலவன் பிழைவிட்டான் என்று சொல்லக்கூடாது. உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும். சேர்த்துப் படித்தால் சீர் சரியாகிவிடும். ஆகவே பதம் பிரித்த பதிப்பை வைத்து யாப்பைச் சோதிக்கக்கூடாது. சந்தி பிரிக்காத வடிவத்தை முதலில் மீட்டெடுக்க வேண்டும்.

தளை உண்மையாகவே பிழையைப் பிடிக்கும் இடமும் உண்டு. படியெடுப்பவர் பேச்சு வழக்கில் ‘மண்ணிலே’ என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மண்/ணிலே கூவிளம், அடுத்து ‘இட’ நிரை. விளத்துக்குப் பின் நிரை வந்தால் அது ஆசிரியத்தளை. பாடம் கெட்டது என்று உடனே தெரிந்துவிடும். இதே மாற்றம் ஓர் ஆசிரியப்பாவில் நேர்ந்திருந்தால் தளை இவ்வளவு உறுதியாகச் சொல்லாது. அங்கே பிற தளைகளும் கலந்து வரலாம்.

இனி, பொருளையே புரட்ட விரும்பும் ஒருவர் ‘இடமில்லை யாம்’ என்பதை ‘இடமுண்டாம்’ என்று மாற்றுகிறார். சீராகப் பிரித்தால் இட/முண் புளிமா, அடுத்து ‘டாம்’ நேர். மாவுக்குப் பின் நேர்; தளை தட்டுகிறது, புரட்டு பிடிபடுகிறது. ஆனால் அவர் யாப்புத் தெரிந்தவராக இருந்தால் ‘இடமுண்டே யாம்’ என்று எழுதுவார். இட/முண்/டே புளிமாங்காய், ‘யாம்’ நேர். எல்லா விதியும் பொருந்துகிறது. விதைத்தவருக்கு நிலம் இல்லை என்ற பாட்டு, நிலம் உண்டு என்ற பாட்டாகிவிட்டது. தளை எந்தப் பிழையையும் காட்டவில்லை.

தளை தட்டினால் அந்த இடத்தை ஐயுற வேண்டும். தட்டாவிட்டால், அந்தப் பாடம் வெண்பாவுக்குள் அடங்குகிறது என்று மட்டுமே பொருள். அது மூலபாடம் என்று பொருளல்ல. யாப்பை நன்றாகக் கற்றவர் கைவைத்த இடத்தில்தான் இந்தச் சோதனை மிகவும் பலவீனமாகிறது.

அயோத்திதாசரின் கேள்விக்கு வருவோம். நூலின் பெயர் குறட்பாக்களுக்குள் வருவதில்லை; வந்திருந்தாலும் பயனில்லை. திருக்/குறள் நிரை நிரை. திரிக்/குறள் நிரை நிரை. இரண்டுமே கருவிளம். யாப்பைக் காட்டி அவர் சொன்னதை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. சுவடிகள், பழைய உரைகள், பிற நூல்களில் வரும் மேற்கோள்கள், யாரிடமிருந்து யார் கைக்கு ஏடு போயிற்று என்ற வரலாறு ஆகியவற்றை வைத்தே அந்த வழக்கைப் பேச வேண்டும். ‘இலக்கணம் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்லி யாராவது நம் வாயை அடைக்க வந்தால், எந்தச் சீரில், எந்தத் தளை என்று கேட்போம். அவர் காட்டும் இடத்தை நாமே அசை பிரித்துப் பார்ப்போம்.