கைராசியும் கைப்பேசியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

"எனக்குக் கைராசி இல்லை, எதை வைத்தாலும் பட்டுப்போகிறது."

தஞ்சையில் எந்த நர்சரி வாசலிலும் அரை நாள் நின்றால் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சனி, ஞாயிறுகளில் என் பெரியப்பாவின் நர்சரியில் வேலை பார்க்கும் நான், இதைக் கேட்டுக் கேட்டே பழகிவிட்டேன். வந்தவர் செடியைத் தொட்டுப் பார்ப்பார்; விலை கேட்பார்; பிறகு இதைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார். செடி செத்துவிடுமோ என்ற அச்சம்தான் அவரைத் திருப்பி அனுப்புகிறது.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல் வந்தது. இன்று செடி விற்பவர் பலர் அதில் படம் போடுகின்றனர். எங்கள் நர்சரிக்குப் படம் எடுக்கும் பொறுப்பு, வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால், என்மேல் விழுந்தது. முதலில் ரோஜா, குரோட்டன்ஸ், மல்லிகை என்று வரிசையாகக் காட்டி, விலை எழுதி, பாட்டுச் சேர்த்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் வேறுவிதமாக ஒன்று எடுத்தேன். "மல்லிகைத் தொட்டிக்குத் தினமும் ஒரு செம்பு தண்ணீர், அவ்வளவுதான்" என்பதே அதன் சாரம். அந்த வாரமே பலர் வந்து மல்லிகைக் கன்று வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழையில் ஓர் அம்மாள் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. "தம்பி, நீ சொன்னபடிதான் ஊற்றினேன். வாடியதைப் பார்த்து இன்னொரு செம்பும் சேர்த்து ஊற்றினேன்" என்றார். பெரியப்பா பதில் பேசாமல் தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுத்தார். வேர்கள் பழுப்பேறிக் கூழாகியிருந்தன. மண் சாக்கடை வாடை அடித்தது. தொட்டியில் இருந்தது வயலிலிருந்து அள்ளிய களிமண். "இது நெல்லு மண்ணும்மா. இதிலே மல்லி மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்றார் பெரியப்பா.

வகுப்பில் படித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேரும் சுவாசிக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்தே அது கிடைக்கிறது. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடைவெளிகளும் நுண்ணியவை என்பதால், ஊற்றிய நீர் வடியாமல் அங்கேயே தங்கிவிடும். நீரின் ஊடே ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். ஆகவே நீர் நிறைந்த மண்ணில் வேர் திணறுகிறது. பின் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்கின்றன.

அப்படியானால் நெல் மட்டும் சேற்றில் எப்படி வாழ்கிறது? நெற்பயிரின் இலை, தண்டு, வேர் ஆகியவற்றுக்குள் காற்றறைத் திசு உண்டு. இலை வழியே நுழையும் ஆக்சிஜன் அந்த அறைகளின் வழியாக வேர்நுனி வரை இறங்குகிறது. மல்லிகைக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. காவிரி கொணர்ந்த எந்த மண் நெல்லுக்கு வாழ்வோ, அதுவே தொட்டி மல்லிகைக்குக் கேடு.

இதில் ஏமாற்றும் அடையாளம் ஒன்று உண்டு. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே மண் நிறைய நீர் இருந்தும் செடி தாகத்தால் வாடுவது போலவே வாடும். பார்ப்பவர் இரக்கப்பட்டு மேலும் நீர் ஊற்றுவார். கண்ணால் பார்த்து இந்த இரண்டு வாட்டத்தையும் பிரித்தறிவது கடினம், விரலால் அறியலாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட வேண்டும். உள்ளே உலர்ந்திருந்தால் செடிக்குத் தாகம், நீர் ஊற்றலாம். உள்ளே ஈரமாக இருந்தும் செடி வாடினால் கோளாறு வேரில் இருக்கிறது. செம்பைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அந்த அம்மாளின் செடியில் நாலைந்து வெள்ளை வேர்கள் மிஞ்சியிருந்தன. பெரியப்பா அழுகியவற்றை வெட்டி, கிளைகளையும் குறைத்து, வேறு மண்ணில் நட்டு நிழலில் வைத்தார். வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லையென்றால் இந்த வைத்தியம் பயன்படாது.

அன்று மாலையே என் பழைய ரீலை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தேன். அரை நிமிடந்தான். முதல் காட்சியில் வாடிய செடி. அதன் ஈர மண்ணில் இறங்கும் விரல். அடுத்து, வெளியே எடுத்த பழுப்பு வேர். பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலக்கும் கைகள். தொட்டியின் அடித்துளை காட்டப்படுகிறது. அதன்மேல் மண் ஒழுகாதிருக்க ஓர் ஓட்டுச்சில்லு. கடைசியில், துளை வழியே நீர் வெளியேறும் வரை ஊற்றுவதும், விரல் உலர்வு சொல்லும் வரை மறுபடி ஊற்றாதிருப்பதும். விலையை எங்கும் சொல்லவில்லை.

அதைப் பார்த்து வந்தவர்கள் செடியோடு கலவை மண்ணும் கேட்டார்கள். சிலர் வாசலிலேயே விரலை நீட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கைராசி இல்லை என்று முன்பு திரும்பிப் போன ஒருவரும் அவர்களில் இருந்தார். அவருக்கு நாங்கள் விற்றது கன்றை மட்டும் அல்ல. அது பிழைக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

இது நம் டெல்டாவுக்குப் புதிதன்று. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி நிலையம் உழவர்களுக்கு எடுத்துச் சொன்னது. தஞ்சை மாவட்டத்தில் குறுவைக்கு அந்த விதையைத் தேடி வாங்கினார்கள். அதற்கு 'ரேடியோ அரிசி' என்றே பெயர் நிலைத்தது. வளர்க்கும் வழி காதில் விழுந்த பிறகே விதையின்மேல் ஆசை வந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வானொலி சொன்னதற்குப் பின்னால் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் இருந்தது. ரீலுக்குப் பின்னால் என்னைப்போல் ஒரு பையன்தான் இருக்கிறான். "அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினால் பூவாய்ப் பூக்கும்" என்று போட்டால் இன்னும் பலர் பார்ப்பார்கள். கழுநீரில் சிறிது சத்து உண்டு என்பது மெய்யே. ஆயினும் அதிலுள்ள மாவுச்சத்து, வடியாத தொட்டியில் புளித்து நாறும். எறும்பையும் சிறு கொசு போன்ற ஈக்களையும் அழைக்கும். உரமிடுவதற்கு அது ஈடாகாது. "பார்க்கிறவன் வேறே, வாங்குறவன் வேறே தம்பி. செடி செத்தா வாங்கினவன் நம்மகிட்டத்தான் வருவான்" என்பார் பெரியப்பா.

விரல் சோதனைக்கும் எல்லை உண்டு. வெயில் படாத இடத்தில் வைத்த மல்லிகை, நீர் சரியாக இருந்தாலும் பூக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், நாம் ஊற்றாவிட்டாலும் வானம் ஊற்றும். தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி, அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். இவற்றையும் இப்போது ரீலின் அடியில் எழுதி வைக்கிறேன்.

தை மாதம் அந்த அம்மாள் மீண்டும் வந்தார். அவர் செடி துளிர்த்திருந்தது. எடுத்துப்போக வந்தவர், முதலில் தம் விரலை மண்ணில் விட்டுப் பார்த்தார். "காய்ஞ்சிருக்கு தம்பி, தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன்.