வெள்ளி விழாவுக்கு அம்மாவின் தாலிக்கொடியை மீட்டுத் தருவோமா?

பெற்றோரின் திருமண வெள்ளி விழா நெருங்கும்போது, பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுவில் முதலில் எழும் கேள்வி மண்டபமா, உணவகமா என்பதுதான். அதன் பிறகு கேக், மாலை, பெயர் பொறித்த கடிகாரம் என்று பேச்சு நீளும். இதில் ஒரு சிறிய கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருமணமாகி 25 ஆண்டு என்றால் மூத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் 24 வயதுதான் இருக்கும். வேலைக்குப் போய் ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருக்கும். அடுத்தவர் இப்போதுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருப்பார். கடைக்குட்டி இன்னும் படித்துக்கொண்டிருப்பார். 50ஆம் ஆண்டு விழாவைப் போல் கையில் காசுள்ள பிள்ளைகள் எடுக்கும் விழா அல்ல இது.

அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைத்த செலவுக்காகவே அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போன வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. கல்லூரிப் பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மடிக்கணினி என்று ஒரே வாரத்தில் பணம் தேவைப்படும்போது வேறு எங்கே போவது? தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொடியை மட்டும் அடகு வைப்பார்கள். "சீக்கிரம் மீட்டுடலாம்" என்று வைத்த நகை, வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், வெள்ளி விழாவுக்கு வேறு பரிசைத் தேட வேண்டியதில்லை.

புதிதாக ஒரு கொடி வாங்கித் தரலாமே என்று சிலர் நினைக்கலாம். விலையைப் பாருங்கள். 2001இல் ஒரு கிராம் தங்கம் 40 ரிங்கிட்டுக்கும் குறைவு. இப்போது 400 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. மூன்று பவுன், அதாவது 24 கிராம் கொடி புதிதாக வாங்கக் குறைந்தது 9,600 ரிங்கிட் வேண்டும். கூலி தனி. ஆனால் அடகில் உள்ள நகைக்கு இன்றைய விலை ஒரு பொருட்டல்ல. அன்று வாங்கிய கடனையும் அதற்குரிய வட்டியையும் கட்டினால் போதும்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் தோட்டத்துக் கோவிலில் திருமணம். தோட்டத்தை விட்டு இப்போது தாமானில் குடியிருக்கிறார்கள். அப்பா லாரி ஓட்டுநர். மூத்த மகள் 2020இல் தாதியர் டிப்ளோமா சேர்ந்தபோது, அம்மாவின் மூன்று பவுன் கொடியை வைத்து 2,400 ரிங்கிட் வாங்கினார்கள். சீட்டு அப்பாவின் பெயரில் இருக்கிறது.

உரிமம் பெற்ற அடகுக் கடை மாதத்துக்கு அதிகபட்சம் 2 விழுக்காடு வட்டி வாங்கலாம். 2,400 ரிங்கிட்டுக்கு மாதம் 48 ரிங்கிட். பெரிய தொகையாகத் தெரியாது. சீட்டின் தவணை ஆறு மாதம். தவணை முடியும்போது அப்பா 288 ரிங்கிட் வட்டியைக் கட்டி, புதுச் சீட்டு வாங்கி வருவார். முதல் அப்படியே நிற்கும். ஐந்து ஆண்டில் கட்டிய வட்டி மட்டும் 2,880 ரிங்கிட். வாங்கிய கடனைவிட அதிகம் கட்டியாகிவிட்டது, கொடி மட்டும் வீட்டுக்கு வரவில்லை. ஆகவே இந்தப் பரிசு அம்மாவுக்கு மட்டுமானதல்ல. அப்பாவின் மாதச் சம்பளத்திலிருந்து 48 ரிங்கிட் கசிவதும் அன்றோடு நிற்கும்.

இந்த வீட்டில் பிள்ளைகள் மூவர். பங்கைச் சமமாகப் பிரித்தால் மனக்கசப்புதான் வரும். மூத்தவள் மாதம் 150, தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி 120, பாலிடெக்னிக்கில் படிக்கும் தங்கை 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 290, பத்து மாதத்தில் 2,900 ரிங்கிட் சேரும். தங்கையின் 20 ரிங்கிட்டை வேண்டாம் என்று தள்ளிவிடக் கூடாது. அதுவும் இருந்தால்தான் மூவரும் தந்த பரிசாகும்.

பணம் முழுவதும் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சீட்டைப் புதுப்பிக்கும் நாளில் வட்டியோடு முதலிலும் ஒரு பகுதியைக் கட்ட முடியுமா என்று கடையில் கேளுங்கள். முடியும் என்றால், குறைந்த தொகைக்குப் புதுச் சீட்டு எழுதுவார்கள். நம் உதாரணத்தில், சேமிக்கத் தொடங்கிய நான்காம் மாதம் தவணை முடிகிறது. அப்பா வழக்கம்போல் வட்டியைக் கட்டுகிறார். பிள்ளைகள் அதுவரை சேர்த்த 1,160 ரிங்கிட்டை முதலில் கழிக்கிறார்கள். மீதி 1,240. அடுத்த ஆறு மாதத்துக்கான வட்டி 148 ரிங்கிட் 80 காசு. பத்தாம் மாதம் கொடியை மீட்க 1,388 ரிங்கிட் 80 காசு போதும். அதற்குள் கையில் 1,740 சேர்ந்திருக்கும். மீதமாகும் 351 ரிங்கிட்டில் மெருகு, பழுதுபார்ப்பு, அர்ச்சனை, மாலை எல்லாம் அடங்கிவிடும். முதலைக் கழிக்காமல் கடைசிவரை பணத்தை வைத்திருந்தால் வட்டிக்கே 139 ரிங்கிட் கூடுதலாகப் போயிருக்கும். நகை அர்-ரஹ்னுவில் இருந்தால் வட்டிக்குப் பதில் காப்புக் கட்டணம் வாங்குவார்கள். அந்தக் கணக்கு வேறு, அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகப்பில் ஒரு தூண்டில் காத்திருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கம் விலை ஏறியிருப்பதால், "இதே நகைக்கு இன்னும் கூடக் கொடுக்கலாம், வேணுமா?" என்று கேட்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வியாபாரம். கொஞ்சம் கைமுட்டான மாதமாக இருந்தால் அப்பாவும் தலையாட்டிவிடுவார். புதுப்பிக்கும் நாளில் பிள்ளைகளில் ஒருவர் கூடப் போவது நல்லது.

இனி ரகசியம் பற்றி. விழா நாளில் இருவரையும் வியக்க வைக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் சீட்டில் பெயர் உள்ளவரை ஒதுக்கிவிட்டு இதைச் செய்வது கடினம். அவரே மைகார்டுடன் நேரில் வர வேண்டும் என்று சொல்லும் கடைகள் உண்டு. அவருக்குத் தெரியாமல் சீட்டை எடுத்துப் போனால், சீட்டு தொலைந்துவிட்டது என்று நினைத்து அவர் கடைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய நேரிடலாம். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவருக்கு மட்டும் அது ரகசியமாக இருக்கட்டும்.

அப்பாவிடம் சொல்வதுதான் இதில் கடினமான வேலை. "நான் பார்த்துக்கிறேன்லா, உங்க காசு எனக்கு வேணாம்" என்றுதான் முதலில் சொல்வார். பிள்ளைகளின் பணத்தில் நகையை மீட்பது தன் இயலாமையை ஊருக்குச் சொல்வது போல அவருக்குப் படும். "பாவம்பா, எவ்வளவு வட்டி கட்டுறீங்க" என்று பேச்சைத் தொடங்கினால் கதவு மூடிவிடும். "எங்க படிப்புக்கு வச்சது அது, எங்க கடன்தானே அப்பா" என்று மூத்தவள் சொன்னால் மறுக்க அவருக்கு வழி இருக்காது. உண்மையும் அதுதானே. இதைப் பெரிய மாமா, சித்தப்பா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

அந்தப் பேச்சின்போதே சீட்டை வாங்கித் தவணைத் தேதியைப் பாருங்கள். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகலாம். சீட்டில் உள்ள முகவரி பழைய தோட்ட வீட்டு முகவரியாக இருந்தால் கடை அனுப்பும் கடிதமும் அங்கேதான் போகும். தாமானுக்கு மாறிய குடும்பங்களில் இது அடிக்கடி கவனிக்கப்படாத விஷயம். உடனே முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள்.

விழாவுக்கு முதல் நாள் ஓடிப்போய் மீட்க வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாகவே மீட்டுவிடுங்கள். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன், உங்கள் கண்முன் எடை போடச் சொல்லிச் சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு நகைக்கடையிலோ தெரிந்த ஆசாரியிடமோ கொடுத்துக் கொக்கியையும் கண்ணிகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பல ஆண்டு அணிந்த கொடியில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியில் உரசும் உட்புறம்தான் முதலில் தேயும். வெளியே பார்த்தால் தெரியாது. தேய்ந்த கண்ணியை மட்டும் பற்றவைத்தால் போதும். "பழசைப் போட்டுட்டுப் புது டிசைன் எடுங்க" என்று கடைக்காரர் சொல்வார். எடைக் கழிவும் புதுக் கூலியும் சேர்ந்தால் சேமித்த பணம் அதிலேயே கரையும். அதைவிட, அம்மாவுக்கு வேண்டியது 2001இல் கழுத்தில் ஏறிய அதே கொடி. மெருகும் லேசாகப் போட்டால் போதும், ஒவ்வொரு மெருகிலும் துளித் தங்கம் தேய்கிறது.

தங்கை தந்தது 200 ரிங்கிட்தான் என்பதால் அவளுக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம். அந்தக் காலத் திருமணம் பெரும்பாலும் வீடியோ கேசட்டில்தான் இருக்கும். அதைக் கணினியில் பார்க்கும்படி மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல் படிந்திருந்தால் அது பூஞ்சணம். அப்படியே ஓட்டிப் பார்த்தால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். முதலில் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதில் இன்று நம்மோடு இல்லாத தாத்தா பாட்டியும் நடமாடுவார்கள். அப்பாவுக்கு அதுவே தனிப் பரிசு.

கொடியை மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கொடுக்காதீர்கள். இத்தனை நாள் கொடி எங்கே இருந்தது என்பதை விருந்தினர் அறிய வேண்டியதில்லை. விழா நாள் காலையில், வீட்டுச் சாமி மேடைக்கு முன்னால், பிள்ளைகள் மட்டும் இருக்கும் நேரம் போதும். கொடியை அப்பாவின் கையில் கொடுத்துவிடுங்கள், அம்மாவிடம் அவர் கொடுக்கட்டும். தாலியைக் கயிற்றிலிருந்து கொடிக்கு மாற்றுவதை அவரவர் வீட்டு வழக்கப்படி செய்துகொள்ளலாம். சில வீடுகளில் மூத்த சுமங்கலி ஒருவர் செய்வார். கழற்றிய மஞ்சள் கயிற்றைக் கண்ட இடத்தில் போடாமல் ஓடும் நீரில் விடுவதோ மரத்தடியில் சேர்ப்பதோ நம் பழக்கம்.

மாலையில் விருந்துக்கு வருகிற அத்தைமார் யாராவது அம்மாவின் கழுத்தைப் பார்த்து, "என்ன அண்ணி, புதுக் கொடியா?" என்று கேட்கக்கூடும். பதில் சொல்வதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.