ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் மூன்று

ஒரு பக்கெட் சுண்ணாம்பு விழுதும் மூன்று பக்கெட் மணலும் சேர்த்துப் பிசைந்தால் எத்தனை பக்கெட் சாந்து கிடைக்கும்? நான்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். கிடைப்பது மூன்றுதான். மணிக்கு மணி இடையே உள்ள வெற்றிடத்துக்குள் விழுது போய் உட்கார்ந்துகொள்வதால் மணலின் அளவு கூடுவதில்லை. பழைய சுவரைப் பழுது பார்க்க எவ்வளவு பொருள் வாங்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் இதை வைத்துத்தான் நடக்கிறது. எவ்வளவு சாந்து தேவையோ அவ்வளவு மணல், அதில் மூன்றில் ஒரு பங்கு விழுது.

இந்த மூன்றில் ஒரு பங்கு மணலுக்கு மணல் மாறும். அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நன்றாகக் காய்ந்த மணலை ஒரு லிட்டர் படியில் தலைதட்டி நிரப்பிக்கொண்டு, அளந்த தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். மேலே தண்ணீர் பளபளக்கும்போது நிறுத்திவிடலாம். 330 மில்லி உள்ளே போயிருந்தால் ஒன்றுக்கு மூன்று சரி. 400 மில்லி போனால் அந்த மணலில் இடைவெளி அதிகம். ஒன்றுக்கு இரண்டரை என்று கலக்க வேண்டும். பொடியும் பருவட்டுமாகக் கலந்த மணல் குறைந்த விழுதே கேட்கும். எல்லாம் ஒரே அளவுள்ள சன்ன மணல் விழுதை விழுங்கும், காய்ந்ததும் வெடிக்கவும் செய்யும். மணலின் பெரிய மணி, சந்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு சுவரிலேயே தங்கிவிடும்.

ஈர மணலை அளப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. லேசான ஈரமிருந்தால் மணல் உப்பி, கால் பங்குக்கு மேல்கூடப் பெருத்துக் காட்டும். மூன்று பக்கெட் என்று நாம் நினைத்துப் போடுவதில் உண்மையில் இரண்டேகால் பக்கெட் மணல்தான் இருக்கும். மண்வெட்டிக் கணக்கும் அப்படித்தான், ஒவ்வொரு வெட்டும் ஒவ்வோர் அளவு. காய்ந்த மணல், ஒரே பக்கெட், தலைதட்டிய அளவு என்று வைத்துக்கொள்வதே நிம்மதி.

இனி ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடு ஒன்றின் கொல்லைச் சுவர். 10 அடி உயரம், 13 அடி நீளம், அதாவது சுமார் 12 சதுர மீட்டர். செங்கல் மெல்லியது: முகம் 200 மில்லிமீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் கனம். சந்து 12 மில்லிமீட்டர். காரை உதிர்ந்து சந்தெல்லாம் குழிந்திருக்கிறது, 60 கல் சிதைந்துவிட்டது.

ஒரு சதுர மீட்டரில் இப்படிப்பட்ட கல் 16 வரிசை வரும். படுக்கைச் சந்து 16 மீட்டர், நிமிர்ந்த சந்து நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக 20 மீட்டர். சந்தை அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழமாவது சுரண்ட வேண்டும் என்பதால் ஆழம் 25 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 6 லிட்டர், 12 சதுர மீட்டருக்கு 72 லிட்டர். உள்ளே மறைந்திருக்கும் பொந்துக்கும் கீழே சிந்துவதற்கும் கால் பங்கு கூட்டி 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிக் கட்டும் கல்லுக்குத் தனிக் கணக்கு. மெல்லிய கல் சுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாந்துதான். நம் கல்லின் அகலம் 100 மில்லிமீட்டர் என்றால் கல் ஒன்றுக்கு அரை லிட்டர் சாந்து பிடிக்கும். 60 கல்லுக்கு 30 லிட்டர். மொத்தம் 120 லிட்டர் சாந்து: காய்ந்த மணல் 120 லிட்டர், விழுது 40 லிட்டர்.

விழுதை வீட்டிலேயே நீற்றுவதாக இருந்தால், நன்றாகச் சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விழுது கிடைக்கும். சரியாக வேகாத கல்லும் கலந்து வருவதால் 25 கிலோ வாங்கினால் போதும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே நிற்கக் கூடாது. சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, சில வாரமாவது ஊற விட வேண்டும். மூன்று மாதம் ஊறினால் இன்னும் நல்லது. அவசரப்பட்டு எடுத்தால் நீறாமல் கிடந்த துகள், சுவருக்குப் போன பிறகு நீறிப் பொரிந்து காரையைப் பெயர்க்கும். ஒன்றுக்கு மூன்று என்பது விழுதுக்கான கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பே ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று போட்டால், அது நீறி இரட்டிப்பதால் சாந்து நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு சுண்ணாம்பு கொண்டதாகிவிடும்.

கலக்கும்போது தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. விழுதில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். முதலில் சாந்து உதிரியாக, ஒட்டாது போலத்தான் தெரியும். கட்டையால் இடித்து மிதிக்க மிதிக்க இளகும். செக்கில் மாடு கட்டிச் சுண்ணாம்பு அரைத்த காலத்திலும் இந்த இடிதான் வேலை செய்தது. சித்தாள் கை வலிக்கிறதென்று ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீர் வெளியேறிய இடமெல்லாம் பிறகு விரிசலாகும்.

கொல்லைச் சுவரின் அடிப்பகுதி எப்போதும் ஈரமாக இருந்தால் வெறும் சுண்ணாம்புச் சாந்து இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது கெட்டியாகிறது; நீர் நிறைந்த சுவருக்குள் காற்று புகாது. அங்கே ஒரு பங்கு மணலை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் அதிகம் வேகாத செங்கல்லைச் சன்னமாக இடித்த சுர்க்கி சேர்க்கலாம்: விழுது ஒன்று, சுர்க்கி ஒன்று, மணல் இரண்டு. சுர்க்கி சுண்ணாம்போடு வினைபுரிவதால் ஈரத்திலும் இறுகும். சிமெண்ட் கலந்துவிடலாமே என்று கொத்தனார் சொல்லக்கூடும். சந்து கல்லைவிடக் கெட்டியாகி, சுவரின் ஈரமும் உப்பும் கல் வழியாகவே வெளியேறும். சில ஆண்டுகளில் சந்து நிற்கும், கல் முகம் பொரிந்து உதிரும்.

சந்தைக் கையால் சுரண்டித் துடைத்து, சுவரை நனைத்து, தண்ணீர் உறிஞ்சியபின் சாந்தை இரண்டு முறையாக அழுத்தி அடைக்க வேண்டும். பிறகு ஈரக் கோணி கட்டி, ஒரு வாரமாவது காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் ஒரே நாளில் காய்ந்த சாந்து இறுகியதாகாது. விரலால் தேய்த்தால் மாவாய் உதிரும். ஐப்பசி மழைக்கு முன் இறுக அவகாசம் வேண்டுமென்பதால் தை, மாசியில் தொடங்குவது வசதி. தலைமயிர் போன்ற விரிசல் விட்டால் சுண்ணாம்போ தண்ணீரோ அதிகமாகியிருக்கும், இல்லையேல் வெயில் வேகமாக இழுத்திருக்கும். உள்ளே இறுகிவிட்டதா என்று பார்க்க, சாந்தில் ஒரு துண்டை உடைத்து ஃபினாப்தலின் கரைசல் ஒரு சொட்டு விடலாம். இளஞ்சிவப்பாக மாறினால் அந்த ஆழத்தில் இன்னும் இறுகவில்லை. நிறம் மாறாவிட்டால் இறுகிவிட்டது.

மிஞ்சிய சாந்தைக் கொட்டிவிட வேண்டாம். காற்றுப் புகாமல் மூடிவைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், மறுபடி இடித்தால் இளகிவிடும். சுர்க்கி கலந்ததை மட்டும் அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.