விளிம்பில் நிற்கும் 100 பேர்

பிரிட்டனில் டாக்டராகப் பணியாற்ற விரும்பும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் பலர் எழுதுவது ‘பிளாப்’ தேர்வு. முதல் தாளில் 180 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்கும். மிகச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பாஸ் மார்க் எவ்வளவு? நிலையான எண் கிடையாது. கேள்வித்தாள் கடினமானால் இறங்கும், எளிதானால் ஏறும்.

அந்த எண்ணைக் கண்டறியும் வழிக்கு ‘அங்கோஃப் முறை’ என்று பெயர். அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் அங்கோஃப் 1971-ல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில் சில வரிகளில் இதைச் சொல்லிச் சென்றார். இன்று பரவலாக இருக்கும் வடிவம் அதன் அடிக்குறிப்பில்தான் இருந்தது. யோசனை லெட்யார்ட் டக்கருடையது என்றும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

முதலில் நிபுணர்கள் கூடி, நூலிழையில் தேறக்கூடியவர் எப்படி இருப்பார் என்று பேசி முடிவு செய்கிறார்கள். அவருக்கு எது தெரியும், எங்கே தடுமாறுவார்? பிறகு ஒவ்வொரு கேள்விக்கும், அப்படிப்பட்ட 100 பேரில் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள் என்று தனித்தனியே எழுதுகிறார்கள்.

உதாரணமாக, ஒரு கேள்விக்கு ஐந்து நிபுணர்கள் 70, 60, 65, 80, 35 என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 62. இப்போது பேச்சு தொடங்கும். மூன்றாவது விடையும் புதியவர்களுக்குச் சரியாகவே தோன்றும் என்கிறார் 35 போட்டவர். முன்பு இதே கேள்வியை எழுதிய எல்லோரிலும் 66 சதவீதத்தினர்தான் சரியாகச் சொன்னார்கள் என்ற தகவலும் வருகிறது. எல்லோரிலுமே 66 என்றால், விளிம்பில் நிற்பவர்களில் 80 பேர் எப்படிச் சரியாகச் சொல்வார்கள்? இரண்டாம் சுற்றில் எண்கள் 60, 60, 60, 65, 45 என மாறுகின்றன, சராசரி 58. இப்படி 180 சராசரிகளையும் கூட்டி 100-ஆல் வகுத்தால் 113.4 வருகிறதென்றால், 114 எடுத்தவர் பாஸ், 113 எடுத்தவர் ஃபெயில்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ‘இது டாக்டருக்குத் தெரிந்திருக்கவே வேண்டும்’ என்று நினைத்து 95 போட்டுவிடுவார் ஒருவர். கேட்டதோ, தெரிந்திருக்குமா என்பதைத்தான். பல ஆண்டு அனுபவசாலிகளுக்குப் புதியவர்களின் திணறல் மறந்துபோகிறது. அதனால் கடினமான கேள்விக்கு அதிகமாகவும், எளிய கேள்விக்குக் குறைவாகவும் கணிப்பது வழக்கம். இன்னொன்று: ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 100-ல் 20 பேருக்குச் சரியாகிவிடும். ஆகவே ஒருவர் 10 என்று எழுதினால், ஏன் என்று கேட்க வேண்டியிருக்கும்.

இந்தத் தவறுகளைத் தேர்வு முடிந்த பிறகு கண்டுபிடிக்கலாம். பாஸ் மார்க்கை ஒட்டி மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பிரித்து, ஒவ்வொரு கேள்வியிலும் அவர்கள் உண்மையில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், கணிப்பு எங்கே விலகியது என்பது தெரிந்துவிடும். நிபுணர்களின் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதும் முக்கியம். இடைவெளி பெரிதாக இருந்தால், வேறு ஐந்து பேர் அமர்ந்திருந்தால் 113.4 என்பது 110 ஆகவோ 117 ஆகவோ வந்திருக்கக்கூடும். அதனால்தான் குழுவில் கூடுதல் ஆட்களைச் சேர்க்கிறார்கள்.