ஏழு ஒட்டுப்பட்டைகள் சொல்லும் கணக்கு

கணக்கு வகுப்பில் பிள்ளைகள் தாளை வெட்டிக் கனச்சதுரம் செய்யும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: “டீச்சர், பசை தடவ எங்கெல்லாம் பட்டை விடணும்?” சிலர் எல்லா ஓரத்திலும் விட்டுவிடுவார்கள். பட்டையும் பட்டையும் முட்டிக்கொண்டு பெட்டி உப்பிப்போகும். சிலர் தோன்றிய இடத்தில் நான்கைந்து விடுவார்கள். கடைசியில் ஒரு மூலை வாயைப் பிளந்து நிற்கும். “ஏழு பட்டை விடு, ஒன்றுவிட்டு ஒன்றாக விடு” என்று சொல்லி ஆசிரியர் வேலையை முடித்துவிடலாம். ஆனால் அது ஏன் ஏழு என்று கேட்கத் தொடங்கினால், கன உருவங்களைப் பற்றிய மிக அழகான உண்மை ஒன்று அந்தத் தாளிலிருந்தே வெளிவரும்.

முதலில் செய்முறை. ஒரு கன உருவத்தை வெட்டி விரித்தால் தட்டையாகக் கிடைக்கும் வடிவத்தை அதன் வலை என்கிறோம். கனச்சதுரத்தின் வலையில் ஆறு சதுரங்கள் இருக்கும். மேலிருந்து கீழாக நான்கு, இரண்டாவது சதுரத்தின் இருபுறமும் ஒவ்வொன்று என்று சிலுவை போல வரைவது எல்லாருக்கும் பழக்கமானது. சார்ட் தாளில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரங்களும் 1 செ.மீ. அகலமுள்ள ஒட்டுப்பட்டைகளும் போதும். பட்டையின் இரு நுனிகளையும் சரிவாக வெட்டிவிட்டால் உள்ளே மடியும்போது ஒன்றை ஒன்று இடிக்காது. மடிக்கும் முன் ஒவ்வொரு மடிப்புக் கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீற வேண்டும். கீறாமல் மடித்தால் மடிப்பு கோட்டைவிட்டு விலகி விளிம்பு வளைந்துவிடும். சதுரங்கள் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் முதலில் தெரியாது. ஒவ்வொரு பிசகும் சேர்ந்துகொண்டே போய், கடைசி மூடியை ஒட்டும்போது இடைவெளியாகத் தெரியும்.

இனி எண்ணிக்கை. முகம், விளிம்பு, முனை ஆகிய மூன்றையும் புத்தகத்துப் படத்தைப் பார்த்து எண்ணும் பிள்ளை பெரும்பாலும் தவறிவிடும். மூலைப்பக்கமிருந்து பார்த்த கனச்சதுரத்தில் மூன்று முகங்களும் ஒன்பது விளிம்புகளும் ஏழு முனைகளும்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றவை பின்னால் மறைந்திருக்கும். பெட்டியைக் கையில் கொடுத்தால் வேறொரு சிக்கல் வரும். திருப்பித் திருப்பி எண்ணும்போது, எண்ணியதையே மறுபடி எண்ணிப் பதின்மூன்று, பதினான்கு விளிம்புகள் என்று சொல்வார்கள். எண்ணிய விளிம்பின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஒட்டுவதற்கு முன்பே வலையில் கணக்கிடுவது.

ஆறு சதுரங்களைத் தனித்தனியாக வெட்டி மேசைமேல் பரப்பியதாக வைத்துக்கொள்வோம். சதுரத்துக்கு நான்கு பக்கம் என்றால் மொத்தம் 24 பக்கங்கள். பெட்டியாகச் சேரும்போது இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒரு விளிம்பாகின்றன. ஆகவே விளிம்புகள் 12. அதேபோல் சதுரங்களின் மூலைகளும் 24. பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் மூன்று சதுரங்களின் மூலைகள் கூடுகின்றன. ஆகவே முனைகள் 8. பெட்டியைத் தொடாமலே விடை வந்துவிட்டது. பிறகு கையால் எண்ணிச் சரிபார்க்கலாம்: மேலே நான்கு, கீழே நான்கு, நின்றிருக்கும் விளிம்புகள் நான்கு.

இப்போது ஒட்டுப்பட்டைக்கு வருவோம். சிலுவை வலையில் சதுரங்களுக்கு நடுவே உள்ள மடிப்புக் கோடுகளை எண்ணினால் ஐந்து. வலையின் வெளி ஓரத்தை விரல் வைத்துச் சுற்றி எண்ணினால் 14 பக்கங்கள். அந்த 14 பக்கங்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஏழு விளிம்புகளாகின்றன. ஒரு ஜோடியில் ஒரு பக்கத்துக்குப் பட்டை இருந்தால் போதும். எனவே ஏழு பட்டைகள். மடிப்பால் வந்த விளிம்புகள் ஐந்து, ஒட்டால் வந்தவை ஏழு, சேர்த்தால் மறுபடியும் 12.

ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை விடுவதும் குருட்டு விதி அல்ல. வலையில் உள்ளே குழிந்த இடங்களில் அடுத்தடுத்து இருக்கும் இரு பக்கங்கள்தான் முதலில் ஒன்றோடொன்று சேரும். அவை சேர்ந்ததும் அவற்றின் இருபுறமும் இருந்த பக்கங்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இப்படியே போவதால், சேரப்போகும் எந்த ஜோடிக்கும் நடுவே எப்போதும் இரட்டைப்படையில்தான் பக்கங்கள் இருக்கும். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் பட்டை விழும்.

சிலுவை மட்டும்தான் கனச்சதுரத்தின் வலை என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி, திருப்பியும் புரட்டியும் வருபவற்றை ஒன்றாகவே கொண்டால், 35 விதமாக அடுக்கலாம். அவற்றில் பெட்டியாக மடிபவை 11. மடியாதவற்றையும் வெட்டி மடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஐந்து சதுரங்கள் ஒரே வரிசையில் இருந்தால் ஐந்தாவது சதுரம் சுற்றிவந்து முதல் சதுரத்தின் மேலேயே படியும். இரண்டு வரிசையில் மூன்று மூன்றாக அடுக்கினால் தாள் எழும்பவே எழும்பாது. அங்கே ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள் கூடி 360 பாகையையும் நிரப்பிவிடுகின்றன. பெட்டியின் முனையிலோ மூன்று சதுரங்கள், அதாவது 270 பாகைதான். அந்த 90 பாகைக் குறைதான் தட்டையான தாளைப் பெட்டியாக எழுப்புகிறது.

பதினொரு வலைகளில் எதை எடுத்தாலும் மடிப்புகள் ஐந்துதான், ஒட்டுகள் ஏழுதான். மடிப்புகள் ஐந்து என்பது எளிது. ஒரு சதுரத்தை வைத்து, அதனோடு ஒவ்வொரு சதுரமாகச் சேர்த்தால், ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு மடிப்பு. ஆறு முகங்களை இணைக்க ஐந்து மடிப்புகள். அதாவது மடிப்பு, முகத்தைவிட ஒன்று குறைவு.

ஏழுக்கு, ஒட்டி முடித்த பெட்டியைக் கத்தரியால் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு முனையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். ஒரு விளிம்பை முழுதாக வெட்டினால் புதிதாக ஒரு முனையை அடைவீர்கள். அடைந்த முனைகளில் ஏதாவது ஒன்றிலிருந்து அடுத்த விளிம்பை வெட்டினால் இன்னொரு புது முனை. ஏற்கெனவே அடைந்த முனைக்குத் திரும்பிவிட்டால் வெட்டு வட்டமடித்து, ஒரு துண்டு கழன்று விழுந்துவிடும். மூடியின் நான்கு விளிம்புகளையும் வெட்டினால் மூடி கையோடு வருவது இதனால்தான். எந்த முனையையும் விட்டுவைக்கவும் முடியாது. வெட்டுப்படாத முனையில் 270 பாகைதான் இருப்பதால் தாள் அங்கே தட்டையாகாது. ஆகவே தொடங்கிய முனை ஒன்று, அதன்பின் வெட்டுக்கு ஒன்றாக ஏழு முனைகள். ஏழாவது வெட்டில் எட்டு முனைகளும் தீர்ந்து, பெட்டி ஒரே துண்டாக மேசைமேல் விரிந்துவிடும். வெட்டிய விளிம்புகள்தான் ஒட்டிய விளிம்புகள். அதாவது ஒட்டு, முனையைவிட ஒன்று குறைவு.

எந்த விளிம்பும் ஒன்று மடிப்பு, இல்லையேல் ஒட்டு. எனவே மொத்த விளிம்புகள், முகங்களில் ஒன்று குறைத்து, முனைகளிலும் ஒன்று குறைத்துக் கூட்டினால் கிடைக்கும். இதை எழுத்துகளில் எழுதினால்

E = (F − 1) + (V − 1)

இடம் மாற்றினால் V − E + F = 2. லியோன்ஹார்ட் ஆய்லர் 1750இல் தன் நண்பர் கோல்ட்பாகுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்த புகழ்பெற்ற சூத்திரம் இதுதான். பாடநூலில் பிள்ளைகள் அட்டவணை நிரப்பி, விடை எப்போதும் 2 வருவதைப் பார்த்து வியக்கிறார்கள். அது ஏன் 2 என்பதற்கான விளக்கமும் கத்தரியும் பசையுமாக அவர்கள் கையிலேயே இருக்கிறது.

கனச்சதுரத்துக்கு மட்டும் பொருந்துகிறதா என்று ஒரு சதுரப் பிரமிடில் சோதிக்கலாம். நடுவில் 6 செ.மீ. சதுரம், அதன் நான்கு பக்கத்திலும் ஒவ்வொரு முக்கோணம் வரைய வேண்டும். இங்கே பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை முக்கோணத்தின் உயரத்தில் வரும். உயரம் சரியாக 3 செ.மீ. என்றால் நான்கு முக்கோணங்களும் அடிச்சதுரத்தின் மேல் தட்டையாகப் படுத்து அதை அப்படியே மூடிவிடும். அதைவிடக் குறைந்தால் நுனிகள் சந்திக்கவே சந்திக்காது. ஆகவே 3 செ.மீ.க்கு மேல் வேண்டும். எல்லாப் பக்கமும் 6 செ.மீ. வரும்படி காம்பஸால் வரைந்தால் உயரம் ஏறக்குறைய 5.2 செ.மீ. ஆகும், பிரமிடும் நன்றாக நிற்கும். இதன் முகங்கள் ஐந்து, ஆகவே மடிப்புகள் நான்கு. முனைகள் ஐந்து, ஆகவே ஒட்டுகளும் நான்கு. விளிம்புகள் எட்டு. வலையின் வெளி ஓரத்தில் எட்டுப் பக்கங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு பட்டைகள். கணக்கு பிசகவில்லை.

உருளைக்கு வரும்போது கணக்கு தடுக்கும். 7 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டங்கள், சுற்றளவுக்குச் சமமாக 22 செ.மீ. நீளமுள்ள ஒரு செவ்வகம், இதுதான் உருளையின் வலை. முகங்கள் மூன்று, விளிம்புகள் இரண்டு, முனை இல்லை என்று எழுதினால் V − E + F கணக்கில் 1தான் வரும். சூத்திரம் பொய்யாகிவிடவில்லை. நம் விளக்கம், வெட்டு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகிறது என்பதை நம்பியிருந்தது. உருளையில் முனையே இல்லை. செவ்வகத்தைச் சுருட்டி ஒட்டிய அந்த நேர்கோட்டை ஒரு விளிம்பாகவும், அதன் இரு நுனிகளை முனைகளாகவும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2 − 3 + 3, விடை மறுபடியும் 2. வளைந்த பரப்புள்ள உருவங்களை இந்த அட்டவணையில் சேர்க்கும் ஆசிரியர்கள், தட்டையான முகங்கள் கொண்டவற்றுக்குத்தான் சூத்திரம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

வலை வரைவது பழைய கலை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட வடிவியல் நூலிலேயே கன உருவங்களை வலைகளாக வரைந்து காட்டினார். ஆனாலும் அதில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ளே குழியாத, தட்டை முகங்கள் கொண்ட எந்த உருவத்தையும் விளிம்பு வழியாகவே வெட்டி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாத வலையாக விரித்துவிட முடியுமா? கணிதர் ஜி. சி. ஷெப்பர்ட் 1975இல் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் முழு விடை தரவில்லை.

இந்தப் பாடத்தில் தேர்வுக் கேள்வி வழக்கமாக ‘முகங்கள், விளிம்புகள், முனைகள் எத்தனை?’ என்றே வருகிறது. மனப்பாடம் செய்த பிள்ளையும் புரிந்துகொண்ட பிள்ளையும் அதற்கு ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். அதற்குப் பதிலாக மடிக்காத வலை ஒன்றைக் கொடுத்து, ‘எத்தனை மடிப்பு, எத்தனை ஒட்டு, ஒட்டி முடித்தால் எத்தனை முனை?’ என்று கேட்டால் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.